11 டிக் போட்டால் கிரிட்டிக் ஆகிவிடுமா? கானுலா ஆய்வை வைத்து ஒரு பதில்

கேள்வி: எம்.எஸ்சி. நர்சிங் முதல் வருடம் படிக்கிறேன். சிரையில் மருந்து ஏற்றப் போடும் கானுலாவை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டுமா என்று பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வை (லான்செட், 2012) காஸ்ப் என்ற 11 கேள்வி செக்லிஸ்ட் வைத்து கிரிட்டிக் செய்யச் சொன்னார்கள். 10 கேள்விக்கு 'ஆம்', யார் எந்தக் குழு என்பதை மறைக்கும் பிளைண்டிங்குக்கு மட்டும் 'இல்லை' போட்டு, கட்டுரையில் இருந்ததைக் கீழே எழுதினேன். "இது கிரிட்டிக் இல்லை, சுருக்கம்" என்று மேடம் திருப்பித் தந்துவிட்டார். வேறு என்னதான் எழுதுவது?

பதில்:

'இல்லை' என்று போட்ட அந்த ஒரு இடத்தில் நீங்கள் என்ன எழுதினீர்கள்? அநேகமாக "இந்த ஆய்வில் பிளைண்டிங் செய்யப்படவில்லை, இது ஒரு குறை" என்று எழுதி அடுத்த கேள்விக்குப் போயிருப்பீர்கள். அந்தக் குறை முடிவை எந்தப் பக்கம் தள்ளியிருக்கும், முடிவையே மாற்றும் அளவுக்குத் தள்ளியிருக்குமா என்பதுதான் மேடம் தேடியது. நானும் படிக்கிற காலத்தில் இப்படி ஒரு கட்டுரைக்கு "9/11" என்று மார்க் போட்டுக் கொண்டுபோனேன். "விட்டுப்போன அந்த ரெண்டுலதான் ஆய்வே கவிழுதுன்னா?" என்று கேட்டார் எங்கள் ஆசிரியர். பதில் இல்லை. காஸ்ப் மார்க் போடுவதற்கான தாள் இல்லை. ஆம், இல்லை, சொல்ல முடியவில்லை என்ற மூன்று கட்டங்களும் உங்களை யோசிக்கவைக்கத்தான் இருக்கின்றன.

நீங்கள் எடுத்திருப்பது நல்ல கட்டுரை. குறைகள் மேலாகத் தெரியாது என்பதால் கிரிட்டிக் எழுதக் கொஞ்சம் கஷ்டமானதும்கூட. அதையே வைத்துப் பார்ப்போம். 11 கேள்விக்கும் சமமாக எழுதப் போவதில்லை. நீங்களும் அப்படி எழுதாதீர்கள்.

கிளேர் ரிக்கார்டும் குழுவினரும் குயின்ஸ்லாந்தில் 3 மருத்துவமனைகளில், 2008 மே முதல் 2009 செப்டம்பர் வரை நோயாளிகளைச் சேர்த்தார்கள். எல்லோரும் 18 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள், 4 நாளுக்கு மேல் கானுலா தேவைப்படும் என்று எதிர்பார்க்கப்பட்டவர்கள். மொத்தம் 3283 பேர், 5907 கானுலாக்கள். ஒரு குழுவுக்கு மூன்றாம் நாள் வந்தால் கானுலாவை மாற்றிவிடுவார்கள். மற்றக் குழுவுக்கு வலி, சிவப்பு, அடைப்பு, கசிவு என்று ஏதாவது காரணம் இருந்தால்தான் மாற்றுவார்கள். முதன்மையாகப் பார்த்தது ஃப்ளெபைட்டிஸ், அதாவது ஊசி இருக்கும் சிரையில் வரும் அழற்சி. அது கானுலா உள்ளே இருக்கும்போது வந்தாலும், எடுத்த 48 மணி நேரத்துக்குள் வந்தாலும் கணக்கில் வரும்.

இப்போது முதல் கேள்வி: ஆய்வுக் கேள்வி தெளிவாக இருக்கிறதா? எல்லோரும் இங்கே 'ஆம்' போட்டு, நோயாளி யார், தலையீடு என்ன, ஒப்பீடு என்ன, விளைவு என்ன என்று நான்கு வரி எழுதிவிட்டுக் கடந்துவிடுவார்கள். ஆனால் இந்தக் கட்டுரையின் சாவியே இங்கேதான் இருக்கிறது. "புது முறை பழைய முறையைவிட மேல்" என்று இவர்கள் நிரூபிக்க வரவில்லை. "இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான்" என்று நிரூபிக்க வந்தார்கள். ஆங்கிலத்தில் ஈக்விவலன்ஸ் டிரயல் என்பார்கள், நாம் சமநிலை ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். இரு குழுக்களுக்கும் உள்ள வித்தியாசம் 3 சதவீதப் புள்ளிக்குள் அடங்கினால் இரண்டும் சமம் என்று ஏற்போம் என முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள்.

இது ஏன் முக்கியம்? வழக்கமான ஆய்வில் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் வித்தியாசம் மங்கிப்போகும். மருந்து வேலை செய்தாலும் செய்யாதது போலத் தெரியும். ஆய்வாளருக்கு அது நஷ்டம், அதனால் அவரே கவனமாக இருப்பார். சமநிலை ஆய்வில் கதை தலைகீழ். ஒதுக்கிய முறையைப் பின்பற்றாவிட்டால், விளைவை மேலோட்டமாகக் குறித்தால், இரு குழுவும் ஒன்றுபோலத் தெரியும். ஆய்வாளர் தேடிய முடிவும் அதுதானே! அலட்சியமே ஆய்வாளர் பக்கம் சாய்கிறது. ஆகவே செக்லிஸ்டின் மீதி எல்லாக் கேள்வியையும் "இது இரு குழுவையும் செயற்கையாக ஒன்றாக்கியிருக்குமா?" என்று கேட்டபடியே படிக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி, ரேண்டமைசேஷன். கம்ப்யூட்டர் குலுக்கல், சேர்ப்பதற்கு முன் யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்தது என்று எழுதியிருப்பீர்கள். சரி. ஆனால் குழுக்களின் எண்ணிக்கையைப் பார்த்தீர்களா? காரணம் வந்தால் மாற்றிய குழுவில் 1593, வழக்கமாக மாற்றிய குழுவில் 1690. சரிபாதியாகப் பிரிப்பதாகச் சொல்லிவிட்டு 97 பேர் வித்தியாசம். யாரையாவது பிறகு கழற்றிவிட்டார்களோ என்று சந்தேகம் வருவது நியாயம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3283 தடவை நாணயம் சுண்டினால் தலை சராசரியாக 1641 அல்லது 1642 முறை விழும். 20 முறை இதையே செய்தால் ஏறக்குறைய 19 முறை, அதிலிருந்து 56 கூடவோ குறையவோ இருக்கும் எல்லைக்குள்தான் விடை நிற்கும். இங்கே விலகல் 48 சொச்சம். ஆக, வெறும் அதிர்ஷ்டத்தில் வரக்கூடியதுதான். கட்டுரையும் 'பிளாக்' வைக்காமல் குலுக்கியதாகச் சொல்கிறது. பிளாக் வைத்திருந்தால், உதாரணமாக நான்கு நான்கு பேராகப் பிரித்து ஒவ்வொரு நான்கிலும் இரண்டிரண்டு என்று போட்டிருந்தால், 97 வித்தியாசம் வரவே வழியில்லை. அப்போது சந்தேகப்பட வேண்டும். இன்னொன்றும் உண்டு. யார் எந்தக் குழு என்பது வார்டில் எல்லோருக்கும் தெரிகிற ஆய்வில் சின்னச் சின்ன பிளாக் வைத்தால், அடுத்து வருபவர் எந்தக் குழு என்று நர்ஸ் ஊகித்துவிடலாம். நரம்பு கிடைக்காத நோயாளியை 'மாற்ற வேண்டாத' குழுவுக்காகக் காத்திருந்து சேர்க்கலாம். பிளாக் வைக்காததால் அந்தக் கதவு அடைபட்டது. குழுக்கள் சமமில்லாமல் இருப்பதே இங்கே பலம் என்று எழுதினால் மேடம் நிச்சயம் கவனிப்பார்.

மூன்றாவது, சேர்ந்த எல்லோரும் முடிவில் கணக்கில் வந்தார்களா? வந்தார்கள், 3283 பேரும் ஒதுக்கப்பட்ட குழுவிலேயே வைத்து எண்ணப்பட்டார்கள். இதற்குப் பாராட்டி ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடத் தோன்றும். நிற்க. ஒதுக்கிய குழுவிலேயே எண்ணுவது வழக்கமான ஆய்வில் கறாரான முறை. சமநிலை ஆய்வில் அதுதான் தாராளமான முறை. மூன்றாம் நாள் மாற்ற வேண்டியவருக்கு மாற்றாமல் விட்டாலும் அவர் 'மாற்றிய' குழுவில்தான் எண்ணப்படுவார். அப்படிப் பலர் இருந்தால் இரு குழுவும் தானாக நெருங்கிவிடும். அதனால்தான் இத்தகைய ஆய்வுகளில் நெறிமுறைப்படி நடந்தவர்களை மட்டும் எடுத்து இன்னொரு தடவை கணக்கிட வேண்டும் என்பார்கள். அந்த இரண்டாவது எண்ணைக் கட்டுரையில் தேடி முதல் எண்ணுக்குப் பக்கத்தில் வையுங்கள். 48 மணி நேர விஷயத்தையும் விடாதீர்கள். கானுலாவை எடுத்த அன்றே டிஸ்சார்ஜ் ஆனவரின் கையை யார் பார்த்தது, எப்படிப் பார்த்தது என்று ஆய்வுமுறைப் பகுதியில் விரல் வைத்துத் தேடுங்கள்.

இரு குழுவும் உண்மையிலேயே வேறுவேறாக நடத்தப்பட்டதா என்று அறிய ஒரு நல்ல தடயம் கட்டுரையிலேயே இருக்கிறது. மூன்றாம் நாளிலும் உள்ளே இருந்த கானுலாக்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், வழக்கமாக மாற்றிய குழுவில் அவை சராசரி 70 மணி நேரமும் மற்றதில் 99 மணி நேரமும் இருந்திருக்கின்றன. திட்ட விலக்கம் முறையே 13, 54. அதாவது ஒரு குழு மூன்று நாள் கெடுவை ஒட்டியே நடந்திருக்கிறது, மற்றது நன்றாகப் பரவியிருக்கிறது. ஆகவே நெறிமுறை காகிதத்தோடு நின்றுவிடவில்லை.

ஆனால் 'மூன்றாம் நாளிலும் உள்ளே இருந்தவை' என்ற சொற்களைக் கவனியுங்கள். அதற்கு முன்பே எடுக்கப்பட்ட கானுலாக்கள் இந்தச் சராசரியில் இல்லை. அவற்றைப் பொறுத்தவரை இரு குழுவுக்கும் நடந்தது ஒன்றேதான், ஏனென்றால் மூன்றாம் நாள் வந்தால்தான் வழி பிரிகிறது. அந்த முதல் மூன்று நாளில் வந்த ஃப்ளெபைட்டிஸும் இரண்டு பக்கமும் சேர்த்து எண்ணப்படுகிறது. இது வித்தியாசத்தை நீர்த்துப்போகச் செய்யும். ஆய்வாளர் தரப்பில் பதில் உண்டு: வார்டில் அமல்படுத்தப்போவது ஒரு கொள்கை, ஆகவே கொள்கையின் மொத்த விளைவைத்தான் அளக்க வேண்டும். நான் அந்தப் பதிலை ஏற்கிறேன். ஆனால் அப்போது "மூன்று நாள் தாண்டிய கானுலா ஆபத்தில்லை" என்று இந்த ஆய்வை மேற்கோள் காட்ட முடியாது. "காரணம் வந்தால் மாற்றும் கொள்கை ஆபத்தைக் கூட்டவில்லை" என்று மட்டும்தான் சொல்லலாம். இரண்டும் ஒன்றில்லை.

இனி நீங்கள் 'இல்லை' போட்ட நான்காவது கேள்வி. இதில் பிளைண்டிங் சாத்தியமே இல்லை. மூன்றாம் நாள் புதிதாகக் குத்தினார்களா இல்லையா என்பது நோயாளிக்கே தெரியும். சாத்தியமில்லை என்பதால் மன்னித்துவிடவும் கூடாது, குறை என்று ஒரு வார்த்தையில் முடிக்கவும் கூடாது. விளைவை எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள். வலி, சிவப்பு, வீக்கம், சீழ், தடவினால் கயிறு போலத் தட்டுப்படும் சிரை, இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால் ஃப்ளெபைட்டிஸ். வலி நோயாளி சொல்வது. சிவப்பு பார்ப்பவர் கண்ணுக்கு. அதைக் குறித்த ஆராய்ச்சி நர்ஸுக்கு யார் எந்தக் குழு என்று தெரியும்.

எந்தப் பக்கம் சாயும்? தேவையில்லாமல் குத்துவது வீண் என்று நம்பும் நர்ஸ், மாற்றாமல் வைத்த குழுவில் லேசான சிவப்பைப் பெரிதுபடுத்தாமல் விடலாம். அது சமநிலைக்குச் சாதகம். மாறாக, ஐந்து நாள் பழைய கானுலாவைப் பார்த்துப் பதறி இன்னும் உன்னிப்பாகத் தேடலாம். அது சமநிலைக்கு எதிர். இரண்டும் நடக்கக்கூடியதுதான். ஆனாலும் ஏதாவது இரண்டு அறிகுறி வேண்டும் என்ற விதி, ஒரே ஒரு லேசான அறிகுறியை வைத்து ஆடும் ஆட்டத்தைக் குறைக்கிறது. கிருமி வளர்ப்புப் பரிசோதனை செய்த ஆய்வகத்தினருக்குக் குழு தெரியாது. எனவே ஃப்ளெபைட்டிஸ் எண்ணில் சந்தேகம் நடுத்தரம், கிருமி எண்ணில் குறைவு. இப்படி ஒரே ஆய்வுக்குள் விளைவுக்கு விளைவு வேறு தீர்ப்பு எழுதலாம். செக்லிஸ்டில் ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது என்பதற்காக நீங்களும் ஒரே பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஐந்தாவது (தொடக்கத்தில் குழுக்கள் ஒத்திருந்தனவா) இவ்வளவு பெரிய ஆய்வில் பெரிய தலைவலி இல்லை, இரண்டு வரி போதும். ஆறாவதை (மற்றப் பராமரிப்பு சமமா) பத்தாவதோடு சேர்த்துப் பார்ப்போம்.

ஏழும் எட்டும் முடிவுகள். இரு குழுவிலும் ஃப்ளெபைட்டிஸ் வந்தவர்கள் தலா 114 பேர், சுருக்கத்தில் இரண்டுக்கும் 7% என்று இருக்கும். அப்படியே எடுத்து எழுதாமல் ஒருமுறை நீங்களே கணக்கிடுங்கள். 114-ஐ 1593-ஆல் வகுத்தால் 7.16%. 1690-ஆல் வகுத்தால் 6.75%. வித்தியாசம் 0.41. இனி 95% நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லை. SE என்பது திட்டப் பிழை:

```
SE = √(0.0716×0.9284/1593 + 0.0675×0.9325/1690) ≈ 0.0089
0.41 ± 1.96×0.89  →  −1.33 … 2.15
```

கட்டுரையில் அச்சாகியிருப்பதும் இதே எண்தான். கால்குலேட்டரில் 5 நிமிட வேலை. ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் அந்த எண் உங்களுடையதாகிவிடும். இந்த இடைவெளியின் மேல் முனையைப் படியுங்கள்: மிக மோசமாகப் போனால், மாற்றாமல் வைப்பதால் 100 பேரில் கூடுதலாக 2 பேருக்குச் சற்று மேல் ஃப்ளெபைட்டிஸ் வரலாம். அது 3-க்குள் இருப்பதால் 'சமம்' என்றார்கள். சரி, அந்த 3 எங்கிருந்து வந்தது? 7 பேருக்கு வரும் ஒன்று 10 பேருக்கு வந்தாலும் சமம்தான் என்று ஏற்கும் எல்லை அது. பாதிக்குச் சற்றுக் குறைவான உயர்வு. அது தாராளமா நியாயமா என்பதை எந்த ஃபார்முலாவும் சொல்லாது, வார்டில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும். என் கருத்து: பெரும்பாலும் கானுலாவை எடுத்தால் அடங்கிவிடும் ஒரு தொல்லைக்கு 3 ஏற்கத்தக்கது. இன்னொரு குத்து மிச்சமாவதும் நோயாளிக்கு லாபம்தானே. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், 'சமம்' என்ற வார்த்தை ஃப்ளெபைட்டிஸுக்கு மட்டும்தான் சம்பாதிக்கப்பட்டது.

ஒன்பதாவது கேள்வியான நன்மை தீமைக் கணக்கில் அந்த இடம்தான் இடிக்கிறது. கானுலா வழியாக ரத்தத்தில் கிருமி ஏறுவதுதான் உண்மையான பயம், ஃப்ளெபைட்டிஸ் இல்லை. ஆய்வுடன் தொடர்புடைய தீவிரப் பாதிப்பு எதுவும் இல்லை என்கிறது கட்டுரை. இது போன்ற ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பிலும் ரத்தத் தொற்று, காரணம் வந்தால் மாற்றிய 2365 பேரில் 1, வழக்கமாக மாற்றிய 2441 பேரில் 2. பார்த்தால் நிம்மதியாக இருக்கிறது. ஆனால் இவ்வளவு அரிய நிகழ்வை எண்ண 3283 பேர் போதுமா?

ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகளின் அனுபவம் இங்கே கைகொடுக்கும். அங்கே கொள்கையையே மாற்றி, காரணம் வந்தால் மட்டும் கானுலாவை மாற்றத் தொடங்கினார்கள். பிறகு பழைய முறைக்கே திரும்பினார்கள். 2021-இல் வெளியான அந்தக் கணக்கில் மொத்தம் 4,12,631 கானுலாக்கள். வழக்கமாக மாற்றிய முதல் கட்டத்தில் 2,41,432 கானுலாக்களுக்கு 11 ரத்தத் தொற்று. கொள்கை மாறிய கட்டத்தில் 1,30,779 கானுலாக்களுக்கு 46. லட்சத்துக்கு 5-க்கும் குறைவாக இருந்தது 35 ஆனது. இப்போது இந்த மோசமான வீதத்தையே எடுத்து குயின்ஸ்லாந்தின் 5907 கானுலாக்கள் எல்லாவற்றுக்கும் போட்டாலும் எத்தனை தொற்று வரும்? சுமார் 2. அதாவது ஜெனீவாவில் நடந்தது அப்படியே குயின்ஸ்லாந்திலும் நடந்திருந்தாலும் அந்த ஆய்வின் கண்ணில் பட்டிருக்காது.

இதனால் ஜெனீவா சரி, லான்செட் தப்பு என்று எழுதிவிடாதீர்கள். ஜெனீவா குலுக்கல் ஆய்வு இல்லை, முன்னும் பின்னும் ஒப்பிட்டது. இடையில் வேறு எதுவும் மாறியிருக்கலாம். ஃப்ளெபைட்டிஸ் பற்றி குயின்ஸ்லாந்து ஆய்வை நம்பலாம், ரத்தத் தொற்று பற்றி அது மௌனம், அந்த மௌனத்தைப் பாதுகாப்பு என்று படிக்கக் கூடாது. ஒன்பதாவது கேள்விக்கு இவ்வளவு எழுதினால் போதும்.

இப்போது ஆறாவதும் பத்தாவதும். ஆய்வில் ஆராய்ச்சி நர்ஸ்கள் இரு குழுவையும் தினமும் போய்ப் பார்த்தார்கள். இரு குழுவுக்கும் சமம், ஆறாவதற்கு 'ஆம்'. ஆனால் ஆறாவதில் நல்லதாக இருக்கும் அதே விஷயம் பத்தாவதில் சிக்கலாகிறது. "காரணம் வந்தால் மாற்று" என்ற முறை முழுக்க, காரணம் வந்ததை யாராவது பார்ப்பதில்தான் நிற்கிறது. மூன்று நாள் விதி, யாரும் பார்க்காத வார்டுக்கும் ஒரு பாதுகாப்பு. பார்க்காவிட்டாலும் தேதி வந்தால் மாற்றிவிடுவோம். பார்ப்பதற்கு ஆள் இல்லாமல் விதியை மட்டும் எடுத்துவிட்டால் இரண்டும் இல்லாமல் போய்விடும்.

எனவே "எங்கள் வார்டுக்குப் பொருந்துமா?" என்ற கேள்விக்கு 'ஆம்' என்று போட்டதை அடித்து 'சொல்ல முடியவில்லை' என்று மாற்றுங்கள். ஏன் என்று உங்கள் வார்டை வைத்தே எழுதுங்கள். ஒரு ஷிஃப்டில் ஒரு நர்ஸ் எத்தனை நோயாளியைப் பார்க்கிறார்? ஊசி போட்ட இடம் தெரிகிற ஒளிபுகும் டிரெஸ்ஸிங் இருக்கிறதா, அல்லது மேலே முழுக்க பிளாஸ்டர் சுற்றி உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாமல் இருக்கிறதா? கானுலா போட்ட தேதியும் நேரமும் அதன் மேல் எழுதப்படுகிறதா? ஷிஃப்டுக்கு ஒருமுறையாவது பார்த்து ஃப்ளெபைட்டிஸ் ஸ்கோர் சார்ட்டில் ஏறுகிறதா, அல்லது ஷிஃப்ட் முடியும்போது மொத்தமாக '0' என்று நிரப்பப்படுகிறதா? கடைசியாகச் சொன்னதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட வார்டுக்கு இந்த ஆய்வின் முடிவு போய்ச் சேராது.

பதினொன்றாவது, மதிப்பு. ஒரு நோயாளிக்கு மிச்சமானது ஏறத்தாழ 7 ஆஸ்திரேலிய டாலர். அதை ரூபாயாக மாற்றி எழுதுவதில் அர்த்தமில்லை, அங்கே பெரும் செலவு நர்ஸின் நேரம், இங்கே கானுலாவின் விலையும் நோயாளி பில்லும். இதை மட்டும் சொல்லி விட்டுவிடலாம்.

எழுதும்போது வாக்கியம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரி தருகிறேன், நான்காவது கேள்விக்கு: "நோயாளிக்கும் நர்ஸுக்கும் குழு தெரியும், தவிர்க்க முடியாதது. விளைவு பகுதியளவு பார்ப்பவரின் தீர்ப்பைச் சார்ந்தது, எனவே சாய்வு சாத்தியம், திசை உறுதியில்லை. இரண்டு அறிகுறி விதி அதைக் குறைக்கிறது. நம்பிக்கை இடைவெளியின் மேல் முனை 2.15-இல் நிற்பதால், 3-ஐத் தொட இன்னும் 0.85 புள்ளி தூரம் இருக்கிறது. 1593 பேரில் ஏறத்தாழ 13 அல்லது 14 ஃப்ளெபைட்டிஸ் குறிக்கப்படாமல் விடுபட்டிருந்தால்தான் அந்த முனை எல்லையைத் தொடும்." 1593-ஐ 0.85 சதவீதத்தால் பெருக்கினால் அந்த 13, 14 வந்துவிடும். அவ்வளவு பேர் தவறியிருப்பார்களா என்று ஜர்னல் கிளப்பில் எல்லோரிடமும் கேளுங்கள். வார்டில் வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள்.